வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் சக ஊழியருக்குப் பிரிவுச் செய்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருத்தமும் இருக்கிறது, பெருமையும் இருக்கிறது. இரண்டையும் ஒரே செய்தியில் எழுதினால் ஒன்றை ஒன்று வெட்டுகிறது. எதை முதலில் சொல்வது?

இரண்டையும் தனித்தனி வாக்கியங்களில் வைத்து நடுவில் ஓர் 'ஆனால்' போடுவதால்தான் அவை மோதிக்கொள்கின்றன. "உங்களுக்கு இந்த வாய்ப்பு கிடைத்ததில் பெருமை, ஆனால் நீங்கள் போவது கஷ்டமாக இருக்கிறது" என்ற வாக்கியத்தைப் படிப்பவர் காதில் பின்பாதிதான் நிற்கும். திருப்பிப் போட்டு "கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் பெருமை" என்று எழுதினால் பெருமை வெறும் சமாதானமாகத் தேய்ந்துவிடும். வரிசையை மாற்றுவதால் இது தீராது.

வேறு வழி ஒன்று உண்டு. அந்த மனிதர் செய்த ஒரே ஒரு காரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குணத்தைச் சொல்லாதீர்கள், காரியத்தைச் சொல்லுங்கள். "பொறுமைசாலி" என்பது குணம். "புதிதாக வந்தவர் ஒரே கேள்வியை மூன்றாவது முறை கேட்டபோதும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து விளக்கினார்" என்பது காரியம். அந்தக் காரியம் இனி இங்கே நடக்காது, அது வருத்தம். அதைச் செய்யத் தெரிந்தவர் என்பதால் எங்கே போனாலும் நிற்பார், அது பெருமை. இரண்டும் ஒரே வேரிலிருந்து வருவதால் 'ஆனால்' என்ற சொல்லுக்கே வேலை இல்லாமல் போகிறது.

அதன் பிறகு வரிசை தானாக அமையும். முதலில் அந்தக் காரியம், பிறகு அது இல்லாமல் போகும் இடம், கடைசியில் அது போய்ச் சேரும் இடம். வருத்தத்தை நடுவில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. தொடக்கத்தில் வைத்தால் செய்தி முழுக்கக் கனத்துவிடும். முடிவில் வைத்தால் கிளம்புகிறவர் அதைச் சுமந்துகொண்டே விமானம் ஏறுவார்.

இதை ஓர் உதாரணத்தோடு காட்ட முடியுமா? எழுதிய செய்தி ஒன்றைத் திருத்திக் காட்டினால் புரியும்.

கணக்குப் பிரிவில் மூன்று ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வேலை பார்த்த இருவர் என்று வைத்துக்கொள்வோம். கிளம்புகிறவர் மூத்தவர், எழுதுகிறவர் அவரை 'அண்ணா' என்று அழைப்பவர். முதலில் எழுதிப் பார்த்தது இப்படி இருக்கிறது:

> அன்புள்ள அண்ணா, நீங்கள் எங்களை விட்டுப் பிரிந்து செல்வது ஈடுசெய்ய முடியாத இழப்பு. உங்கள் கடின உழைப்பும் அர்ப்பணிப்பும் என்றும் எங்கள் நினைவில் நிற்கும். நீங்கள் வெளிநாட்டு வேலைக்குச் செல்வது எங்களுக்குப் பெருமை. ஆனாலும் மனம் வலிக்கிறது. இனி எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? எங்களை மறந்துவிடாதீர்கள். எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்.

எழுதியவர் மனதில் பொய் இல்லை. இருந்தும் இதில் அந்த அண்ணனைக் காணோம். 'அண்ணா' என்ற சொல்லை எடுத்துவிட்டு யாருடைய அட்டையில் ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும். செய்தி சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க இதுவே போதுமான சோதனை: பெயரை மாற்றிப் பாருங்கள், பொருந்தினால் திரும்ப எழுதுங்கள்.

இன்னொரு கோளாறும் இருக்கிறது. பெருமை 'வெளிநாடு' என்ற சொல்லில் தொங்குகிறது, அந்த மனிதரில் இல்லை. வேலை வெளிநாட்டில் இல்லாவிட்டால் பெருமை இருந்திருக்காதா என்று படிப்பவருக்குத் தோன்ற இடமிருக்கிறது. "இனி எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?" என்ற கேள்விக்கோ அவரால் பதில் சொல்லவே முடியாது. கிளம்புகிறவர் கையில் பதிலில்லாத கேள்வியைக் கொடுத்து அனுப்புவது நல்லதில்லை.

திருத்துவதற்கு முன் ஒரு துண்டுத்தாளில் மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ள வேண்டும். அவர் செய்து, மற்றவர் செய்யாதது எது? அதை நான் இனி எந்த நாளில், எந்த நேரத்தில் தேடுவேன்? போகும் இடத்தில் அது எதற்கு உதவும்? இந்த உதாரணத்தில் கிடைத்த பதில் ஒரு கணக்கு நுணுக்கம். இரண்டு தொகைகள் இடிக்கும்போது வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால், பதியும்போது அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று கணக்கர்கள் சந்தேகிப்பார்கள். 81-ஐ 18 என்று பதிந்தால் வித்தியாசம் 63 வரும். இதைக் கற்றுக்கொடுத்தவர் அந்த அண்ணன். தேடும் நேரம், மாதக் கடைசி. இனி செய்தி இப்படி மாறுகிறது:

> அண்ணா, நான் சேர்ந்த இரண்டாவது மாதம், மாதக் கடைசிக் கணக்கில் 63 இடித்தது. சின்னத் தொகைதானே, சில்லறைச் செலவில் தள்ளிவிடலாம் என்றேன். நீங்கள் திட்டவில்லை. "ஒன்பதால் வகுபடுகிறதா பார்" என்று மட்டும் சொன்னீர்கள். வகுபட்டது. 81 என்று இருக்க வேண்டிய இடத்தில் 18 என்று நான்தான் பதிந்திருந்தேன். அன்றிலிருந்து எந்தத் தொகையையும் சின்னதென்று தள்ளியதில்லை. இந்த மாதக் கடைசியிலும் ஏதாவது இடிக்கும். கை கால்குலேட்டருக்குப் போகும், கண் உங்கள் இருக்கைக்குப் போகும். நீங்கள் இல்லை என்பது அப்போதுதான் உறைக்கும். அதே கண்ணோடு இனி வேறொரு நாட்டின் கணக்குகளைப் பார்க்கப்போகிறீர்கள். உங்களிடம் வேலை கற்றவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை. போய் வாருங்கள் அண்ணா.

எழுபது சொற்களுக்குச் சற்று மேல். 'வருத்தம்', 'வலி', 'இழப்பு' என்ற சொற்களில் ஒன்றுகூட இதில் இல்லை, ஆனால் காலி இருக்கை இருக்கிறது. 'கடின உழைப்பு' இல்லை, 63-க்காக உட்கார்ந்த ஒருவர் இருக்கிறார். 'பெருமை' என்ற சொல் ஒரே ஒரு முறை வருகிறது. அதற்கு முன்னால் வந்த வாக்கியங்கள் அதற்கான காரணத்தைச் சொல்லிவிட்டதால் அந்த ஒரு முறையே போதும்.

எழுதியவர் தன் தவறையும் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். "நான்தான் பதிந்திருந்தேன்" என்ற அந்த இரண்டு சொற்களால்தான் அண்ணன் பெரியவராகத் தெரிகிறார். அவரை உயர்த்தும் அடைமொழி எதுவும் தேவைப்படவில்லை.

எழுதியதைப் படித்த நண்பர் "இரங்கல் செய்தி மாதிரி இருக்கிறது" என்கிறார். ஏன் அப்படி ஆகிறது?

பிரிவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நமக்கு முதலில் நினைவுக்கு வரும் சொற்களில் பாதி இரங்கல் சுவரொட்டியிலிருந்து வந்தவை. 'ஈடுசெய்ய முடியாத இழப்பு', 'நீங்கா நினைவுகள்', 'பிரிவால் வாடும்', 'ஆழ்ந்த வருத்தம்', 'நம்மை விட்டுப் பிரிந்த' ஆகியவை தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணச் சொற்கள். சேர்ந்து வந்தால் படிப்பவர் மனதில் கறுப்புக் கட்டம் போட்டுவிடும். "பிரிவால் வாடும் கணக்குப் பிரிவினர்" என்று ஓர் அட்டையின் அடியில் எழுதியிருந்தால், மாலை போட்ட புகைப்படம்தான் குறைச்சல்.

காலம் காட்டும் இடைநிலையும் இதே வேலையைச் செய்யும். "நல்ல மனிதராக இருந்தார்", "எல்லோருக்கும் உதவியவர்" என்று எல்லாவற்றையும் இறந்தகாலத்தில் முடிக்காதீர்கள். நடந்த சம்பவத்தை இறந்தகாலத்தில் சொல்லுங்கள், ஆளைப் பற்றி நிகழ்காலத்தில் சொல்லுங்கள். "அன்று விளக்கினீர்கள்" சரி. "பொறுமையாக விளக்குபவராக இருந்தீர்கள்" வேண்டாம். அவர் இன்னும் அப்படித்தான் இருக்கிறார், இடம்தான் மாறுகிறது.

'போய்விட்டார்' என்பதையும் தவிர்க்கலாம். 'கிளம்புகிறார்', 'புறப்படுகிறார்' என்றால் கை நிறையப் பெட்டியோடு ஓர் ஆள் கண்ணுக்குத் தெரிவார். விடைகொடுக்கும் இடத்தில் 'போங்கள்' என்று தனியாக எழுதுவதில்லை, 'போய் வாருங்கள்' என்பதுதான் வழக்கம். பழைய வேலைக்கே திரும்பி வரச் சொல்கிறோம் என்று யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், கவலை வேண்டாம்.

வருத்தத்தைச் சொல்ல நல்ல சொல் வேண்டுமென்றால் 'தேடும்' என்ற சொல் இருக்கிறது. "உங்களைத் தேடும்" என்பதில் இருக்கும் நெருக்கம் 'மிஸ் பண்ணுவோம்' என்பதில் இல்லை. பேச்சில் அப்படித்தான் சொல்வீர்கள் என்றால் மிஸ் பண்ணுவதையே எழுதுங்கள், அதில் குற்றமில்லை. நாள்தோறும் சொல்லாத ஒன்றை விடைபெறும் நாளில் மட்டும் எழுதினால் ஆடை இரவல் வாங்கியது போலத் தெரியும்.

'நாங்கள்' என்று எழுதுவதா, 'நாம்' என்று எழுதுவதா?

பலரும் கவனிக்காமல் தடுக்கி விழும் இடம் இது. 'நாம்' கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும், 'நாங்கள்' அவரை வெளியே நிறுத்தும். "எங்கள் குழுவில் மூன்று ஆண்டுகள் வேலை செய்தீர்கள்" என்று எழுதினால், அவர் விருந்தாளியாக வந்துபோனது போல ஒலிக்கும். "நம் குழுவில்" என்று எழுதினால் அந்த மூன்று ஆண்டுகள் அவருக்கும் சொந்தம்.

கடந்ததைப் பேசும்போது 'நாம்', 'நம்'. இனி இங்கேயே இருக்கப்போகிறவர்களைப் பேசும்போது 'நாங்கள்'. "நாம் சேர்ந்து முடித்த அந்தத் தணிக்கை" என்று தொடங்கி, "அடுத்த தணிக்கையை நாங்கள் தனியாகப் பார்க்க வேண்டும்" என்று முடித்தால், நாமிலிருந்து நாங்களுக்கு மாறிய அந்த ஓர் இடத்திலேயே பிரிவு முழுக்கச் சொல்லப்பட்டுவிடும். வேறு சொல்லே வேண்டியதில்லை.

தினமும் 'நீ, வா, போ' என்று பேசுகிறவருக்கு எழுதும்போது 'நீங்கள்' போட வேண்டுமா? மேலாளரை எப்படி அழைப்பது?

அவருக்கு மட்டும் போகும் செய்தி என்றால் தினமும் எப்படிப் பேசுகிறீர்களோ அப்படியே எழுதுங்கள். திடீரென்று 'நீங்கள்' என்று எழுதினால், கோபமா என்று கேட்டுத் தொலைபேசியில் அழைப்பார். எல்லோரும் படிக்கும் அட்டை, குழுவுக்கு அனுப்பும் மின்னஞ்சல், மேடைப் பேச்சு ஆகியவற்றில் 'நீங்கள்' பாதுகாப்பானது. வயதில் சிறியவராக இருந்தாலும் மற்றவர்கள் முன்னால் அவருக்கு அது மரியாதை.

எதைத் தேர்ந்தாலும் இடையில் மாற்றாதீர்கள். பலர் சேர்ந்து ஒரே செய்தியை எழுதும்போது "நீங்கள் ... செய்தாய்" என்று வினைமுற்று வழுக்கிவிடும். அனுப்புவதற்கு முன் வாக்கியங்களின் கடைசிச் சொற்களை மட்டும் மேலிருந்து கீழே ஒருமுறை படித்தால் இது சிக்கிவிடும்.

மேலாளரை 'சார்' என்றோ 'மேடம்' என்றோ அழைத்து வந்திருந்தால் அதுவே இருக்கட்டும். கடைசி நாளில் மட்டும் 'அண்ணா', 'அக்கா' என்று உறவு கொண்டாடினால் இரு பக்கமும் கூச்சம்தான் மிஞ்சும்.

என்னைவிட மூத்தவரிடம் "உங்களை நினைத்துப் பெருமைப்படுகிறேன்" என்று சொல்லலாமா?

அந்த வாக்கியம் மேலிருந்து கீழே பாய்வது. பெற்றோர் பிள்ளைக்குச் சொல்வார்கள், ஆசிரியர் மாணவருக்குச் சொல்வார், மேலாளர் தன் குழுவில் உள்ளவருக்குச் சொல்லலாம். இளையவர் மூத்தவருக்குச் சொன்னால் முதுகில் தட்டிக்கொடுப்பது போல ஆகிவிடும்.

கீழிருந்து மேலே சொல்லும்போது பெருமையை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். "உங்களோடு வேலை செய்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை", "உங்களிடம் கற்றது என்று சொன்னால் இங்கே மதிக்கிறார்கள்" என்பவை சரியாக வரும். சமவயதுத் தோழருக்கு இவ்வளவு பார்க்க வேண்டியதில்லை. "நீ இதைச் சாதிப்பாய் என்று எனக்கு முன்பே தெரியும்" என்பது அவருக்குப் போதும். உண்மையிலேயே தெரிந்திருந்தால் மட்டும் அதை எழுதுங்கள்.

"கொடுத்து வைத்தவர்" என்று எழுதினேன், அவர் முகம் சுருங்கிவிட்டது. அதில் என்ன தவறு?

'கொடுத்து வைத்தவர்', 'அதிர்ஷ்டசாலி', 'யோகம்தான் போங்கள்' என்பவை எல்லாம் வேலை தானாக மடியில் விழுந்தது என்று சொல்கின்றன. இரவில் உட்கார்ந்து தேர்வுக்குப் படித்ததையும், நேர மண்டலம் பார்த்து விடியற்காலையில் நேர்காணல் கொடுத்ததையும் அந்தச் சொல் அழித்துவிடுகிறது. பெருமை சொல்ல வந்த இடத்தில் அதன் காரணத்தையே பிடுங்கிவிட்டோம்.

'செட்டில் ஆகிவிட்டீர்கள்' என்பதும் அப்படித்தான். அவருக்கு இனிதான் வாடகை வீடு தேடுவது, புதிய இடத்தின் விதிகளைப் பழகுவது எல்லாம் தொடங்கப்போகிறது. "பெரிய ஆளாகிவிட்டீர்கள், எங்களையெல்லாம் நினைவிருக்குமா?" என்ற கேலி நேரில் சிரித்துக்கொண்டே சொன்னால் கரைந்துவிடும். எழுத்தில் சிரிப்பு தெரியாது, குத்தல் மட்டும் தங்கிவிடும்.

அதே வாய்ப்புக்கு நீங்களும் முயன்று கிடைக்காமல் போயிருந்தால் இந்தச் சொற்கள் உங்களை அறியாமலேயே பேனாவில் வந்து உட்காரும். அப்படிப்பட்ட நிலையில் பெருமையை வலிந்து எழுத வேண்டாம். நன்றி மட்டும் சொல்லுங்கள். அவர் உங்களுக்குச் செய்த உதவி ஒன்றைக் குறிப்பிட்டு, அதற்கு நன்றி என்று இரண்டு வரியில் முடித்தால் அது நேர்மையாகவும் இருக்கும், முழுமையாகவும் இருக்கும்.

எவ்வளவு நீளம் எழுதலாம்?

பலர் கையெழுத்திடும் அட்டையில் இரண்டு மூன்று வாக்கியங்கள். தனிப்பட்ட கைபேசிச் செய்தி என்றால் 60 முதல் 80 சொற்கள். மின்னஞ்சலுக்கு 150 சொற்களைத் தாண்ட வேண்டிய அவசியம் வருவது அரிது. வாட்ஸ்ஆப்பில் நீண்ட செய்தியின் அடிப்பகுதி மடிந்து மறைந்துவிடும், விரித்துப் படிக்க ஒருமுறை தொட வேண்டும். எனவே அந்தக் காரியத்தை முதல் சில வரிகளிலேயே தொடங்கிவிடுங்கள்.

சாதாரணக் குறுஞ்செய்தியில் தமிழுக்கு இடம் குறைவு. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 குறிகள் என்றால் தமிழில் 70 குறிகள்தான். 'கொ' என்பது கண்ணுக்கு ஓர் எழுத்து, கணக்கில் இரண்டு குறி. ஆகவே ஐந்தாறு சொற்களிலேயே ஒரு செய்தி நிறைந்து அடுத்தது தொடங்கிவிடும். அங்கே வாழ்த்தை மட்டும் அனுப்பிவிட்டு மீதியை வேறு வழியில் சொல்லலாம்.

மேடையில் பேசுவதற்கு எழுதினால் சொல் எண்ணிக்கையை நம்ப வேண்டாம். கடிகாரம் வைத்து உரக்க வாசியுங்கள், இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். குரல் உடையும் என்று தோன்றும் வரி எது என்பதும் வாசிக்கும்போதே தெரிந்துவிடும். அந்த வரியைக் கடைசியில் வைக்காமல் நடுவுக்கு நகர்த்துங்கள். அதன் பிறகு வரும் எளிய வாக்கியங்களில் குரல் மீண்டுவிடும்.

அவரோடு எனக்கு அதிகப் பழக்கமில்லை. அட்டை என் மேசைக்கு வந்துவிட்டது. என்ன எழுதுவது?

பழக்கம் இருப்பதுபோல் எழுத வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த ஒரு சிறு விஷயம் போதும். "உங்கள் பிரிவுக்கு எப்போது அழைத்தாலும் இரண்டாவது மணியில் எடுப்பவர் நீங்கள்தான். அங்கேயும் நல்லபடியாக அமையட்டும்" என்றால் அது சின்னது, ஆனால் உண்மை. அப்படி ஒன்றும் நினைவுக்கு வராவிட்டால் "புது வேலைக்கு வாழ்த்துகள்" என்று எழுதிப் பெயரும் பிரிவும் போட்டாலே போதும். பழக்கமில்லாதவரிடமிருந்து வரும் உருக்கம்தான் அட்டையிலேயே பொய்யாகத் தெரியும். ('வாழ்த்துகள்', 'வாழ்த்துக்கள்' இரண்டும் புழக்கத்தில் உள்ளன. இலக்கணம் பார்ப்பவர்கள் ஒற்று இல்லாததையே சரி என்பார்கள்.)

குடும்பத்தை இங்கே விட்டுவிட்டுத் தனியாகப் போகிறார். அதைப் பற்றி ஆறுதலாக ஒரு வரி சேர்க்கலாமா?

எல்லோரும் படிக்கும் அட்டையில் வேண்டாம். "குழந்தை உங்களைத் தேடுமே" என்று அன்பாகத்தான் எழுதுவீர்கள். விடைபெறும் நாளில் அவர் அடக்கி வைத்திருப்பதே அதுதான். தனிச் செய்தியில், அதுவும் அவர்கள் வீட்டாரைத் தெரிந்தவர் என்றால் மட்டும், ஆறுதலுக்குப் பதில் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள். "வீட்டில் அவசரத்துக்கு யாராவது வேண்டுமென்றால் என் எண்ணைக் கொடுத்து வையுங்கள்" என்ற வரி நான்கு வரி ஆறுதலைவிட உதவும். சொன்னால் செய்ய வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வைத்துச் சொல்லுங்கள்.

எப்போது கொடுப்பது? கடைசி நாளில் அவருக்கு மூச்சுவிடவே நேரமில்லை.

கடைசி நாள் மாலை என்பதுதான் எல்லோரும் தேர்ந்தெடுக்கும் நேரம், அதுவே மோசமான நேரமும்கூட. அடையாள அட்டையையும் மடிக்கணினியையும் ஒப்படைக்க அவர் அலைந்துகொண்டிருப்பார். பல அலுவலகங்களில் அன்று மாலையே மின்னஞ்சல் கணக்கை மூடிவிடுவார்கள். ஆறு மணிக்கு நீங்கள் அனுப்பிய செய்தி மூடிய பெட்டிக்குப் போகும், அவர் படிக்கவே மாட்டார். அலுவலக மின்னஞ்சலில் அனுப்புவதானால் முந்தைய நாள் அனுப்புங்கள், அல்லது அவருடைய சொந்த முகவரியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சுற்றுக்கு விடும் அட்டையை ஒரு வாரம் முன்னதாகவே தொடங்க வேண்டும். விடுப்பில் இருப்பவர், வேறு ஊரிலிருந்து வேலை பார்ப்பவர் எல்லோரையும் பிடிக்க அவ்வளவு நாள் ஆகும். யாரிடம் இருக்கிறது என்று ஒருவர் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளாவிட்டால், அட்டை ஏதோ ஒரு கோப்பின் அடியில் தூங்கும். வேலையின் கடைசி நாளுக்கும் விமானம் ஏறும் நாளுக்கும் இடையே நாட்கள் இருந்தால், நெருங்கியவர்கள் தங்கள் தனிச் செய்தியை அந்த இடைவெளிக்கு ஒதுக்கலாம். சந்தடி அடங்கியபின் வந்தால் நின்று படிப்பார்.

பொதுத் தளத்தில் வாழ்த்தாக எழுத நினைக்கிறேன். எதைச் சொல்லக்கூடாது?

புதிய நிறுவனத்தின் பெயர், ஊர், பதவி, கிளம்பும் தேதி ஆகிய எதையும் அவர் தானே வெளியே சொல்லும்வரை நீங்கள் சொல்லாதீர்கள். பணி விசா இன்னும் கையில் வராமல் இருக்கலாம். சேரும் நாள் தள்ளிப்போகலாம். கிளம்பும் தேதியை ஊரறியச் சொல்வது, வீடு பூட்டியிருக்கும் நாளைச் சொல்வதும் ஆகும். சம்பளத்தைப் பற்றிய ஜாடைப் பேச்சு எந்த இடத்திலும் வேண்டாம்.

இருக்கும் அலுவலகத்தைக் குறைசொல்லி அவரை உயர்த்துவதையும் தவிருங்கள். "இங்கே இவர் அருமை யாருக்கும் தெரியவில்லை" என்று நீங்கள் எழுதியதற்கு, நாளை பணிச் சான்றிதழுக்காக அதே மேலாளரிடம் நிற்கப்போகிறவர் அவர். எழுதி முடித்ததும் அவருக்கு அனுப்பி, போடலாமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

"தொடர்பில் இருப்போம்" என்று முடிக்கலாமா?

முடிக்கலாம், ஆனால் எல்லோரும் அப்படித்தான் முடிப்பார்கள், பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். நெருங்கியவர் என்றால் நாளும் வேலையும் சேர்த்துச் சொல்லுங்கள். "அடுத்த மாதக் கடைசிக் கணக்கு முடிந்ததும் எவ்வளவு இடித்தது என்று எழுதுகிறேன்" என்பது சிறிய வாக்கு, காப்பாற்றக்கூடிய வாக்கு. அவரிடம் எதுவும் கேட்காமல் நீங்கள் செய்யப்போவதை மட்டும் சொல்வது முக்கியம். புதிய இடத்தின் முதல் வாரங்களில் பதில் எழுதும் கடன்கள் அவருக்கு ஏற்கெனவே நிறைய இருக்கும். "போனதும் கூப்பிடுங்கள், மறக்காதீர்கள்" என்று பதினைந்து பேர் எழுதியிருந்தால் அவர் யாரையும் கூப்பிட மாட்டார்.

அட்டையை அச்சடித்தபோது தமிழ் எழுத்து சிதைந்துவிட்டது. ஒருவருக்கு மின்னஞ்சலில் வெறும் ஆங்கில எழுத்துகளாகப் போயிற்று. என்ன செய்வது?

இவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள். மின்னஞ்சலில் நடந்தது பழைய எழுத்துரு பிரச்சினை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். யூனிகோடு விசைப்பலகையில் திரும்பத் தட்டச்சு செய்யுங்கள், அல்லது எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு எடுத்து ஒருமுறை பிழை பாருங்கள்.

அச்சில் நடந்தது வேறு. சில வடிவமைப்பு மென்பொருள்களில் இந்திய எழுத்துகளுக்கான அமைப்பு இயக்கப்படாமல் இருக்கும். அப்போது 'கொ', 'கை' போன்றவற்றின் கொம்பு தன் இடத்தை விட்டு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி விலகும். அந்த அமைப்பை இயக்கினால் சரியாகும். எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், செய்தியைச் சாதாரணச் சொற்செயலியில் அமைத்து பி.டி.எஃப். ஆக எடுத்து அதையே வடிவமைப்பில் வையுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன் 'கொடுத்தோம்' என்ற ஒரு சொல்லைத் தட்டிப் பாருங்கள். கொம்பு, கால், புள்ளி, இரட்டைக் கொம்பு நான்கும் அதில் வந்துவிடுகின்றன, எது உடைந்தாலும் தெரிந்துவிடும். அவருடைய பெயரையும் அதே பக்கத்தில் தட்டி, அவர் தன் கையெழுத்தில் எழுதும் முறையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.